மேலாளர் சரி என்றார், கடிதம் வரவில்லை: நேர்காணலுக்குப் பிறகு யாரிடம், எப்படிக் கேட்பது?

"மூத்த கணக்காளர் பணிக்கான கடைசிச் சுற்று நேர்காணல் 3-ஆம் தேதி முடிந்தது. மேலாளர் மிகவும் மகிழ்ச்சியாகப் பேசினார். 'எங்கள் குழுவுக்கு நீங்கள் பொருத்தமானவர், எப்போது சேர முடியும்?' என்று கேட்டார். அந்த வாரத்திலேயே எச்.ஆர். பேசுவார் என்றும் சொன்னார். இன்று 17-ஆம் தேதி, திங்கட்கிழமை. எந்தக் கடிதமும் வரவில்லை. நான் அனுப்பிய நன்றி மின்னஞ்சலுக்கு மேலாளர் 'விரைவில் பேசுவோம்' என்று ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். இதற்கிடையில் வேறொரு நிறுவனம் பணி ஆணை கொடுத்துவிட்டது. அவர்களுக்கு 28-ஆம் தேதி வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது முதல் வேலைதான். யாரிடம் கேட்பது? கேட்டால் காரியம் கெட்டுவிடுமா?"

கேட்டால் கெடாது. இன்றே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலாளருக்கும் இன்றே, அதைவிடச் சிறியதாக ஒன்று அனுப்புங்கள். "என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா" என்று எதிலும் கேட்க வேண்டாம். "இன்னும் என்ன பாக்கி இருக்கிறது, அது எப்போது முடியும்" என்று கேளுங்கள். 28-ஆம் தேதிக் கெடுவை ஒளிக்காமல் சொல்லுங்கள். எழுத்தில் கடிதம் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் பணி ஆணையையும் விட்டுவிடாதீர்கள்.

இதற்குக் காரணங்கள் உண்டு. அவை புரிந்தால்தான் நாளை வரப்போகும் பதில்களை உங்களால் எடைபோட முடியும். நான் ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் பல காலம் இருந்தவன். அங்கே நடப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மேலாளர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அநேகமாக அவர் மனதார விரும்பித்தான் அப்படிப் பேசியிருப்பார். ஆனால் நேர்காணல் அறையில் அவரிடம் இருப்பது ஒரு வாக்கு மட்டும்தான். அவர் சரி என்று சொன்ன பிறகும் பணி ஆணை உங்கள் கைக்கு வர மூன்று நான்கு மேசைகளைக் கடக்க வேண்டும். முதலில் உங்களை நேர்காணல் செய்த எல்லோரும் தங்கள் கருத்தை எழுதித் தர வேண்டும். அதில் ஒருவர் விடுப்பில் போயிருந்தால் அங்கேயே ஒரு வாரம் போய்விடும். பிறகு எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகு சம்பளம் நிர்ணயிக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கும் அந்த இடத்தை நிரப்புவதற்கும் நிதிப் பிரிவோ மேல்நிலை நிர்வாகியோ ஒப்புதல் தர வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் எச்.ஆர். கடிதத்தைத் தயாரிப்பார். "இந்த வாரத்திலேயே எச்.ஆர். பேசுவார்" என்று சொன்னபோது மேலாளர் தன் பங்கு வேலையைக் கணக்கில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவர் கணக்கில் வந்திருக்காது.

இந்தப் பாதையில் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, சம்பளம். ஒவ்வொரு பதவிக்கும் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு வரம்பு இருக்கும். நீங்கள் சொன்ன எதிர்பார்ப்பு அந்த வரம்பின் உச்சியிலோ அதற்கு மேலோ இருந்தால் மேலாளர் தனியாகக் காரணம் எழுதிச் சிறப்பு ஒப்புதல் வாங்க வேண்டும். ஏற்கெனவே அந்தக் குழுவில் அதே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புதிதாக வருபவர் அவர்களைவிடக் கூடுதலாக வாங்கப்போகிறார் என்றால் கேள்விகள் எழும். இது உங்களை வேண்டாம் என்று சொல்வதாகாது. ஆனால் நாட்களைத் தின்றுவிடும். இந்த நேரத்தில் எச்.ஆர். உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். தொகை முடிவாகாமல் பேச்சைத் தொடங்க அவருக்கு விருப்பம் இருக்காது.

மற்றொன்று சற்றுக் கசப்பானது. நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கலாம். முதல் இடத்தில் இருப்பவருக்குப் பணி ஆணை போயிருக்கும். அவர் பதில் சொல்ல ஒரு வாரமோ பத்து நாளோ கேட்டிருப்பார். அவர் மறுத்துவிட்டால் அடுத்த அழைப்பு உங்களுக்குத்தான். அதனால் உங்களை இழக்க அவர்களுக்கு மனம் இல்லை, உறுதி சொல்லவும் முடியவில்லை. இந்த நிலையில் இருக்கும் நிறுவனம் செய்வது ஒன்றுதான்: இனிமையாகப் பேசும், தேதி மட்டும் சொல்லாது. மேலாளர் உண்மையாகவே உங்களை விரும்பியிருக்கலாம். இன்னொருவரையும் விரும்பியிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விண்ணப்பித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இவை தவிர, அந்த இடத்தையே நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். காலாண்டு முடிவில் செலவுகளைப் பரிசீலிக்கும்போது புதிய ஆட்கள் வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கலாம். அது மேலாளருக்கே சில நாட்கள் கழித்துத்தான் தெரியவரும்.

ஆகவே நேர்காணலில் வந்த பாராட்டை வைத்து இவற்றில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. "எப்போது சேர முடியும்" என்ற கேள்வியைப் பெரும்பாலும் எல்லோரிடமும் கேட்பார்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பது தேர்வுக்கே ஒரு காரணியாக இருப்பதால் அது விசாரணையின் ஒரு பகுதி. குழுவினரை அறிமுகம் செய்துவைப்பது, அலுவலகத்தைச் சுற்றிக் காட்டுவது, "நாம் சேர்ந்து வேலை செய்யும்போது" என்று பேசுவது எல்லாம் விருப்பத்தின் அடையாளங்கள்தான். அவற்றை நம்பலாம், அவற்றை நம்பி எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எடை உள்ள அறிகுறி வேறு. உங்களை நேர்காணல் செய்தவரைத் தவிர வேறொருவர் உங்களுக்காக ஒரு வேலையைச் செய்யத் தொடங்கினாரா என்று பாருங்கள். எச்.ஆர். உங்கள் சம்பளச் சான்றுகளைக் கேட்டாரா? நீங்கள் கொடுத்த பரிந்துரையாளர்களை யாராவது அழைத்துப் பேசினார்களா? ஒரு தொகையைச் சொல்லி "இது உங்களுக்குச் சரியா" என்று கேட்டார்களா? கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விட்டது என்பதற்கு இவைதான் சாட்சி. பரிந்துரையாளர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர்களை அழைத்திருந்தால் கடைசிக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் இவற்றில் ஒன்றும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே கோப்பு இன்னும் மேலாளரின் கட்டத்திலேயோ அதற்கு அடுத்த படியிலேயோ இருக்கிறது என்றுதான் நான் கணிக்கிறேன்.

அதே வேலைக்கான விளம்பரம் இன்னும் இணையத்தில் இருக்கிறதே என்று பலர் கலங்குவார்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தேர்வானவர் கையெழுத்திட்ட பிறகுதான் பல நிறுவனங்கள் விளம்பரத்தை எடுக்கும். சில தளங்களில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

சட்டக் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் அதற்குப் பதவி, சம்பளம், சேரும் தேதி போன்றவற்றைத் தெளிவாகச் சொல்லி, அதைச் சொல்ல அதிகாரம் உள்ளவர் சொல்லி, நீங்களும் ஏற்றிருக்க வேண்டும். அப்படியே சொல்லியிருந்தாலும் நிரூபிப்பது பெரும்பாடு. "நீங்கள் பொருத்தமானவர்" என்பது அபிப்பிராயம், அதில் வாக்குறுதி எதுவும் இல்லை. அதை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டு நடுவில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் அல்லர். மேலாளர் அவ்வளவு அன்பாகப் பேசினார், அவ்வளவுதான்.

இப்போது காலக்கணக்கு. பொதுவாக, அவர்கள் சொன்ன நாள் கடந்து இரண்டு வேலை நாள் ஆன பிறகு கேட்கலாம். நாளே சொல்லவில்லை என்றால் ஐந்து முதல் ஏழு வேலை நாள் விட்டுக் கேட்கலாம். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு மேலாளர் சொன்ன வாரம் முடிந்து இன்னொரு வாரமும் போய்விட்டது. நீங்கள் அவசரப்படுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள். தவிர, உங்களிடம் ஒரு கெடு இருக்கிறது. கெடு இருப்பவர் கேட்பதை எந்த எச்.ஆரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அதற்கு மாறாகத்தான் நடக்கும்: கெடு இல்லாத விண்ணப்பங்கள் பின்னுக்குப் போகும், கெடு உள்ளது மேலே வரும்.

எச்.ஆருக்கு எழுதும் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும். புதிதாகத் தொடங்காமல், நேர்காணலுக்கு அழைத்து அவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். நீங்கள் யார், எந்தப் பதவி, எந்த நாள் என்று அவர் தேட வேண்டியிருக்காது.

"வணக்கம். மூத்த கணக்காளர் பணிக்கான கடைசிச் சுற்று நேர்காணல் 3-ஆம் தேதி முடிந்தது. அந்தக் குழுவில் சேர எனக்கு முழு விருப்பம் இருக்கிறது. வேறொரு நிறுவனத்திலிருந்து எனக்குப் பணி ஆணை வந்துள்ளது. அவர்களுக்கு 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் முதல் விருப்பம் உங்கள் நிறுவனம் என்பதால் அதற்கு முன் உங்கள் நிலையை அறிந்துகொள்ள விரும்புகிறேன். என் விண்ணப்பம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் என்னென்ன படிகள் பாக்கி, 26-ஆம் தேதி புதன்கிழமைக்குள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா என்று தெரிவிக்க முடியுமா? சம்பளச் சான்றுகள், பரிந்துரையாளர் விவரம் எதுவும் தேவைப்பட்டால் இன்றே அனுப்பிவிடுகிறேன். என் நோட்டீஸ் காலம் 30 நாள்."

இதில் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. 28-ஆம் தேதி கெடு இருக்க 26-ஆம் தேதியைக் கேட்பது ஏன் என்றால், கடிதம் வந்தாலும் அதைப் படித்துப் பார்க்கவும் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் உங்களுக்கு இரண்டு நாள் வேண்டும். கடைசி நாள் மாலையில் வரும் கடிதத்தை நிதானமாகப் படிக்க முடியாது. மற்ற நிறுவனத்தின் பெயரையும் அவர்கள் தரும் சம்பளத்தையும் எழுதவில்லை. பெயர் தேவையே இல்லை. தொகையை இந்தக் கட்டத்தில் சொன்னால் கேள்வி தேதியிலிருந்து நழுவிப் பேரத்துக்குப் போய்விடும், அப்போது சிறப்பு ஒப்புதல் வாங்கும் படலம் முதலிலிருந்து தொடங்கும். அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

மேலாளர் நேர்காணலில் சொன்ன பாராட்டையும் இதில் சேர்க்கவில்லை. "அவர் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவே சொன்னாரே" என்று எச்.ஆருக்கு எழுதினால் மேலாளர் தன் எல்லையை மீறிப் பேசிவிட்டார் என்று அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். உள்ளே உங்களுக்காக வாதாடக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவருக்குச் சங்கடம் வரும்படி எதையும் எழுதாதீர்கள்.

கடைசியில் சான்றுகளை அனுப்பத் தயார் என்று சொல்லும் வரியைப் பலர் மரியாதைக்கு எழுதுவதாக நினைப்பார்கள். அது மரியாதைக்காக மட்டும் இல்லை. எச்.ஆர். "ஆம், அனுப்புங்கள்" என்று சொன்னால் உங்கள் கோப்பு நகர்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள அதுவே வழி. "இப்போதைக்குத் தேவையில்லை" என்று சொன்னால் அதுவும் ஒரு செய்திதான்.

மேலாளருக்கு எழுதுவது இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் நன்றி மின்னஞ்சலுக்கு அவர் அனுப்பிய அந்த ஒரு வரிக்குக் கீழேயே எழுதுங்கள்: "வணக்கம் சார். எனக்கு வேறொரு பணி ஆணை வந்திருக்கிறது, 28-ஆம் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் சேரவே விரும்புகிறேன். எச்.ஆரிடம் இன்று நிலவரம் கேட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து என்னிடம் ஏதேனும் தேவைப்பட்டால் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். அவரிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் அவர் மௌனமாகிவிடுவார். செய்தியை மட்டும் கொடுத்தால் அவர் எழுந்து போய் எச்.ஆரிடமோ நிதிப் பிரிவிடமோ "இவர் கைநழுவிப் போகப்போகிறார்" என்று சொல்வார். ஒப்புதலுக்காகக் கிடக்கும் கோப்பை மேலே எடுக்க மேலாளருக்குக் கிடைக்கும் மிக நல்ல காரணம் அந்தக் கெடுதான். நான் ஆள் எடுத்த காலத்தில் பல கோப்புகள் இப்படித்தான் ஒரே நாளில் நகர்ந்தன.

கெடு இல்லாதவர் இருப்பதாகச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்லவே கூடாது. "அப்படியானால் உங்களுக்குத் தடையாக இருக்க விரும்பவில்லை, அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் திரும்பிப் போக வழி இருக்காது. பணி ஆணையின் நகலைக் காட்டச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

மின்னஞ்சல் போன பிறகு இரண்டு முழு வேலை நாள் விடுங்கள். 19-ஆம் தேதி மாலைவரை பதில் இல்லை என்றால் 20-ஆம் தேதி காலையில் எச்.ஆரை ஒரு முறை தொலைபேசியில் அழையுங்கள். அழைப்பது மின்னஞ்சலைப் பற்றிக் கேட்கத்தான்: "திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், பார்க்க நேரம் கிடைத்ததா?" அவர் எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ஒரு அழைப்பு, அதன் பின் ஒரு சிறு குறுஞ்செய்தி போதும். மேலாளரின் சொந்தக் கைபேசி எண் உங்களிடம் இருந்தாலும், அவராகக் கொடுத்திருந்தால் தவிர அதில் அழைக்க வேண்டாம். சமூக வலைத்தளத்தில் அவரைத் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்புவதும் வேண்டாம். எச்.ஆர். விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தால் அதில் யாரைத் தொடர்புகொள்ளச் சொல்லியிருக்கிறார்களோ அவருக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். பல தாமதங்களுக்கு உண்மையான காரணம் இவ்வளவு சாதாரணமானது.

பதில் வரும்போது அதன் தொனியைப் பார்க்காதீர்கள். அதில் ஒரு படியின் பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "நிதிப் பிரிவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும்" என்றால் அங்கே ஒரு படியும் இருக்கிறது, ஒரு நாளும் இருக்கிறது. இது நல்ல பதில். வியாழக்கிழமைவரை பேசாமல் இருங்கள், வெள்ளியன்று கேளுங்கள். "பரிசீலனையில் உள்ளது, முடிவானதும் தெரிவிப்போம்" என்றால் படியும் இல்லை, நாளும் இல்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு வழக்கமாகப் போகும் பதில் இதுதான். எவ்வளவு அன்பாக எழுதியிருந்தாலும் அதை உறுதியாகக் கொள்ளாதீர்கள். அதற்கு ஒரே ஒரு மறுகேள்வி கேட்கலாம்: "புரிகிறது, நன்றி. 26-ஆம் தேதிக்குள் தெரிய வாய்ப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? என் முடிவுக்கு அது உதவும்." பலரால் "என்னைத் தேர்ந்தெடுப்பீர்களா" என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. இதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் இதில் அவர்கள் எதையும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

"கவலைப்படாதீர்கள், வேலை உங்களுக்குத்தான், கடிதம் மட்டும்தான் பாக்கி" என்று எச்.ஆரே தொலைபேசியில் சொன்னால்? மகிழ்ச்சிதான், ஆனால் அந்தப் பேச்சை அன்றே எழுத்தாக்கிவிடுங்கள். "இன்று பேசியதற்கு நன்றி. மூத்த கணக்காளர் பதவி, நாம் பேசிய ஆண்டுச் சம்பளம், அடுத்த மாதம் சேர்வது என்று நான் புரிந்துகொண்டேன். கடிதத்தை எப்போது எதிர்பார்க்கலாம்?" தொகையை இதில் எண்ணாகவே எழுதுங்கள். சரி என்று பதில் வந்தால் அது பணி ஆணை ஆகிவிடாது, ஆனாலும் வெறும் பேச்சைவிட வலுவானது. தொகை தவறு என்றால் இப்போதே தெரிந்துவிடும். பதிலே வரவில்லை என்றால், தொலைபேசியில் சொன்னதை எழுதத் தயங்குகிறார்கள் என்று பொருள். இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பாமல் விட்டவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள்.

இனி இரண்டாவது நிறுவனம். அவர்களிடம் கெடுவை நீட்டிக்கக் கேட்பது உங்கள் உரிமை, ஆனால் ஒரு முறைதான் கேட்க முடியும். ஆகவே இன்றே கேட்டு வீணாக்காதீர்கள். முதல் நிறுவனத்திலிருந்து படியும் நாளும் உள்ள ஒரு பதில் வந்து, அந்த நாள் 28-ஐச் சற்றுத் தாண்டினால், அப்போது கேளுங்கள். மூன்று அல்லது நான்கு வேலை நாள் கேட்பது நியாயமானது. கெடு முடியும் நாளன்று கேட்காமல் இரண்டு நாள் முன்னதாகவே கேளுங்கள். "ஒப்பந்தத்தை வீட்டில் கலந்து பேசி முடிவெடுக்க அடுத்த புதன்வரை அவகாசம் வேண்டும்" என்பது போல, நாளைக் குறிப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அந்த அவகாசத்தை உண்மையாகவே கலந்து பேசப் பயன்படுத்துங்கள், அப்போது சொன்னது பொய்யாகாது.

சிலர் இந்தப் பணி ஆணையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டுவிட்டு, முதல் நிறுவனத்தின் கடிதம் வந்ததும் விலகிவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்களுக்காக அவர்கள் மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஒரே துறையில் எச்.ஆர். அதிகாரிகளும் கணக்குப் பிரிவுத் தலைவர்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயர்கள் நினைவில் நிற்கும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விலகுவதற்கான நிபந்தனைகள் இருந்தால் அந்தச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

24-ஆம் தேதி திங்கட்கிழமை வந்தும் தெளிவான பதில் இல்லை என்றால் இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதுதான் கடைசி. "வெள்ளிக்கிழமை நான் முடிவெடுக்க வேண்டும். வியாழன் மாலைவரை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்" என்று இரண்டே வரி. இதில் வருத்தமோ குறையோ தொனிக்கக் கூடாது. எச்.ஆருக்கு அனுப்பி, மேலாளரின் முகவரியையும் நகலில் சேருங்கள். முதல் மின்னஞ்சலில் இருவருக்கும் தனித்தனியாக எழுதச் சொன்னேன், இங்கே சேர்க்கச் சொல்கிறேன். காரணம், இனி எச்.ஆர். சொல்லவில்லை என்று மேலாளரும், மேலாளர் சொல்லவில்லை என்று எச்.ஆரும் இருந்துவிட முடியாது.

வியாழன் இரவுவரை எதுவும் வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை நீங்கள் ஒப்பிட வேண்டியது இரண்டு வேலைகளை அல்ல. ஒரு பக்கம் ஒரு வேலை இருக்கிறது, மறுபக்கம் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இப்போதைய வேலையிலேயே இன்னும் சில மாதம் இருக்க உங்களால் முடியும், இரண்டாவது நிறுவனத்தில் மனம் ஒட்டவே இல்லை என்றால் அதை மறுத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் முதல் நிறுவனம் வரும் என்ற கணக்கில் மறுக்காதீர்கள், வராமல் போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும் மறுங்கள். அப்படி இல்லை என்றால் இரண்டாவதை ஏற்றுக்கொள்ளுங்கள். கெடுவைச் சொல்லி, இரண்டு முறை எழுதி, ஒரு முறை அழைத்தும் ஒரு நாளைக்கூடக் குறிப்பிட முடியாத இடத்துக்காக உறுதியான வேலையை விட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்றுக்கொண்டதும் மேலாளருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: வேறொரு பணியை ஏற்றுக்கொண்டேன், உங்கள் நேரத்துக்கு நன்றி, பிற்காலத்தில் வாய்ப்பு அமைந்தால் மகிழ்ச்சி என்று. முதல் இடத்தில் இருந்தவர் சேராமல் போவதும், சேர்ந்த சில வாரங்களில் விலகுவதும் நடக்காத விஷயங்கள் அல்ல. அடுத்த முறை அந்தக் குழுவில் இடம் திறக்கும்போது மேலாளர் தேடுவது தனக்குத் தெரிந்த பெயரைத்தான்.

முதல் நிறுவனத்தின் கடிதம் நல்லபடியாக 26-ஆம் தேதியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். கடிதத்தின் பின்பகுதியில் "பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது", "மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது" போன்ற வரிகள் இருக்கும். அவற்றில் எவற்றை நீங்கள் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே முடிக்க முடியும் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். படிப்புச் சான்று, பழைய வேலைகள், பரிந்துரையாளர்கள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை முன்பே முடித்துவிடலாம். இப்போது நீங்கள் இருக்கும் அலுவலகத்தில் விசாரிப்பதை மட்டும் ராஜினாமாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இதைப் பெரும்பாலும் மறுப்பதில்லை. கடிதத்தில் பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் பேசியபடியே இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அவர்கள் அது கிடைத்ததாகப் பதில் எழுதி, முன்பே முடிக்கக்கூடியவை முடிந்துவிட்டன என்று சொன்ன பிறகு ராஜினாமா கொடுங்கள். உங்கள் நோட்டீஸ் காலமான 30 நாளை அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், ஆகவே சேரும் தேதியையும் அதற்குத் தக்கபடி தள்ளி எழுதித் தரச் சொல்லுங்கள்.